காய்ச்சல் வைரஸா பக்டீரியாவா: சி.ஆர்.பியைப் பாக்க முதல், மணித்தியாலத்தை எண்ணுங்கோ

ஓபிடியில புதுசா இருக்கப்போற தம்பி தங்கச்சியளுக்காகத்தான் இதை எழுதுறன். வீட்டில ரிப்போர்ட்டை வச்சுக்கொண்டு முழிக்கிற ஆக்களும் வாசிக்கலாம், ஆனா மருந்தை மட்டும் நீங்களா முடிவெடுக்காதேங்கோ. மாரி தொடங்கினா வன்னியில என்ன நடக்கும் எண்டு தெரியும்தானே, வாங்கில் இருக்கிற பத்துப் பேரில எட்டுப் பேருக்குக் காய்ச்சல், அதில பாதிப்பேர் வெளியில லாப்பில ரத்தம் குடுத்து ரிப்போர்ட்டோடயே வருவினம், கதவால வரேக்கயே "டொக்டர் சி.ஆர்.பி கூடவாம், அன்டிபயோட்டிக் தாங்கோ" எண்டுதான் கதை தொடங்கும். அந்தப் பேப்பரை வாங்கி மேசையில கவிழ்த்து வையுங்கோ. அது கடைசியா பாக்கிற சாமான்.

முதல்ல: காய்ச்சல் எப்ப தொடங்கினது

"எத்தினை நாள் காய்ச்சல்?" எண்டு கேட்டா எல்லாரும் "மூண்டு நாள்" எண்டுதான் சொல்லுவினம். அது ஒண்டரை நாளாவும் இருக்கும், அஞ்சு நாளாவும் இருக்கும். அதால நான் அப்பிடிக் கேக்கிறேல்ல. "கடைசியா எப்ப நல்ல சுகமா இருந்தனீங்கள்? ஞாயிறு பூசைக்குப் போகேக்க எப்பிடி? திங்கள் வயலுக்கு இறங்கேக்க குளிர் இருந்ததோ?" எண்டு அவையின்ர வேலையோட சேர்த்துக் கேட்டா மணித்தியாலக் கணக்கில பதில் வரும். துண்டில "3 நாள்" எண்டு எழுதாமல் "ஏறத்தாழ 60 மணித்தியாலம்" எண்டு எழுதுங்கோ. ஏன் எண்டு சி.ஆர்.பிக்கு வரேக்க விளங்கும்.

அடுத்தது காய்ச்சல் போற போக்கு. சாதாரண வைரஸ் தடிமன் ரெண்டாம் மூண்டாம் நாள் மோசமாகி, பிறகு மெல்ல மெல்ல இறங்கி, ஒரு கிழமை பத்து நாளில விட்டிடும், இருமல் மட்டும் மூண்டு கிழமை இழுக்கலாம், அதுக்காக அது பக்டீரியா ஆகாது. யோசிக்க வேண்டியது மற்ற விதம்: நாலு நாளில சுகமாகி, எழும்பி வேலைக்கும் போய், ஆறாம் நாள் திரும்ப நடுக்கத்தோட காய்ச்சல் வருது எண்டால் வைரஸுக்குப் பின்னால பக்டீரியா வந்திருக்கலாம், நெஞ்சைக் கவனமாப் பாருங்கோ. பச்சைச் சளி வந்தா பக்டீரியா எண்டு ஊரெல்லாம் ஒரு நம்பிக்கை, அது சரியில்லை, வைரஸிலயும் சளி பச்சையாகும். பனடோல் போட்டு காய்ச்சல் இறங்கினதோ இல்லையோ எண்டதும் ஒண்டையும் பிரிச்சுக் காட்டாது.

ரெண்டாவது: ஆளைப் பாருங்கோ

எனக்கு உதவுற ஒரு கேள்வி, வருத்தம் ஒரு இடத்தில நிக்குதோ, பல இடத்தில பரவி நிக்குதோ. மூக்கு ஒழுகுது, தொண்டை நோ, கண் எரிவு, இருமல், உடம்பு நோ எல்லாம் ஒண்டா எண்டால் வைரஸ் பக்கம் சாயும். ஒரு காது மட்டும், நெஞ்சில ஒரு பக்கத்து அடி மட்டும், காலில ஒரு திட்டுச் சிவந்து சுடுது எண்டால் பக்டீரியாப் பக்கம். தொண்டையில வெள்ளை படிஞ்சிருக்கு, கழுத்து முன்பக்க நெறி தொட நோகுது, காய்ச்சல் இருக்கு, ஆனா இருமல் இல்லை, இந்த நாலும் சேர்ந்தா ஸ்ட்ரெப் தொண்டை எண்டு நினைக்கலாம். இருமலும் மூக்கொழுகலும் இருந்தா அந்தச் சந்தேகம் குறைஞ்சிடும்.

மூச்சை முழு நிமிசம் எண்ணுங்கோ, 15 செக்கனுக்கு எண்ணி நாலால பெருக்காதேங்கோ. ஒண்டிலயிருந்து அஞ்சு வயதுக்குள்ள பிள்ளைக்கு 40 அல்லது அதுக்கு மேல எண்டால் அது வேகமான மூச்சு. இதுக்கு செக்கன் முள்ளு உள்ள மணிக்கூடு காணும். நெத்தியில துவக்கு மாதிரி நீட்டுற வெப்பமானியை நான் நம்புறேல்ல, வெயிலுக்கால வந்தவருக்கு ஒரு கணக்கு, ஃபேனுக்குக் கீழ இருந்தவருக்கு வேற கணக்குக் காட்டும், கமக்கட்டில வைக்கிற டிஜிட்டல்தான் எனக்குச் சரி.

எங்கட பக்கத்தில ஒரு விசயம் கூடுதலாச் செய்யோணும். உடுப்பை விலத்திப் பாருங்கோ. உண்ணிக்காய்ச்சலில கடிச்ச இடம் நெருப்பால சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கா இருக்கும், அது கமக்கட்டு, இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழ எண்டு ஒளிஞ்சிருக்கும், நோகாது, அதால அவையளே சொல்ல மாட்டினம். அதைக் கண்டால் டொக்சிசைக்கிளின் தொடங்க வேற ரிப்போர்ட் தேவையில்லை.

மூண்டாவது: இப்ப சி.ஆர்.பி

இதில நிண்டு வாசியுங்கோ, எல்லாரும் தடக்குப்படுறது இங்கதான்.

சி.ஆர்.பி எண்டது கிருமி இல்லை, கிருமியின்ர அடையாளமும் இல்லை, உடம்பில அழற்சி நடக்குது எண்டு தகவல் போக ஈரல் செய்து ரத்தத்தில விடுற ஒரு புரதம். 1930இல நியூயோர்க் ரொக்கஃபெல்லர் நிறுவனத்தில நியுமோனியா நோயாளியளின்ர ரத்தத்தில கண்டுபிடிச்சவை, நியுமோகொக்கஸின்ர சி எண்ட சர்க்கரைப் பொருளோட சேர்ந்து படிஞ்சதால அந்த எழுத்து ஒட்டிக்கொண்டுது. ஈரல் செய்யோணும் எண்டதால அதுக்கு நேரம் எடுக்கும். அழற்சி தொடங்கி ஏறத்தாழ 6 மணித்தியாலத்துக்குப் பிறகுதான் ஏறத் தொடங்கும், உச்சிக்குப் போக ரெண்டு நாள் அளவு ஆகும். அழற்சி நிண்டா ஏறத்தாழ 19 மணித்தியாலத்துக்கு ஒருக்கா பாதியாகும்.

இரணைமடுக் குளத்து அளவுகோலை நினையுங்கோ, மழை கொட்டேக்க தண்ணி ஏறாது, மேல இருந்து வந்து சேரத்தான் ஏறும், மழை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டுதான் இருக்கும், மழை எப்ப பெய்தது எண்டு தெரியாமல் அடிக்கணக்கை மட்டும் வச்சு ஒண்டும் சொல்லேலாது.

அதால காய்ச்சல் தொடங்கி 8 மணித்தியாலத்தில சி.ஆர்.பி 7 எண்டு வந்தா அதுக்கு அர்த்தமே இல்லை, கடுமையான பக்டீரியாத் தொற்றும் அந்த நேரத்தில அப்பிடித்தான் காட்டும். அதே 7 மூண்டாம் நாள் வந்தா நல்ல ஆறுதல். மறுபக்கம், இன்ஃப்ளுவென்சா, அடினோவைரஸ் மாதிரி வைரஸுகளும் முதல் மூண்டு நாலு நாளில 40, 60, சிலவேளை அதுக்கு மேலயும் ஏத்தும், பிறகு தானா இறங்கும். எண்டபடியால் ரெண்டாம் நாள் வாற 60ம், ஆறாம் நாள் வாற 60ம் ஒரே 60 இல்லை. ஆறாம் நாளும் ஏறிக்கொண்டு போகுது எண்டால்தான் பயப்படோணும்.

பிரித்தானியாவில வைத்தியத்துக்கு வழிகாட்டி எழுதுற NICE அமைப்பு 2014இல இருமலோட வாற பெரியாக்களுக்கு ஒரு கணக்கு வச்சது: 20க்குக் கீழ எண்டால் வழமையா அன்டிபயோட்டிக் வேண்டாம், 20 தொடக்கம் 100 எண்டால் துண்டை எழுதிக் குடுத்து, மோசமானா எடுங்கோ எண்டு சொல்லலாம், 100க்கு மேல எண்டால் குடுங்கோ. நல்ல கணக்கு. ஆனா அது பரிசோதிச்சும் நியுமோனியாவோ இல்லையோ எண்டு தெளிவில்லாத இருமலுக்குத்தான். எல்லாக் காய்ச்சலுக்கும் தூக்கிப் போடாதேங்கோ. ஈரல் கெட்டுப்போன ஆளுக்கு கடும் தொற்றிலயும் சி.ஆர்.பி பெருசா ஏறாது எண்டதையும் மறக்காதேங்கோ.

ஒரு ஆளை வச்சுப் பாப்பம்

இது ஒரு தனி ஆள் இல்லை, கன பேரைச் சேர்த்துச் செய்த ஆள். காலபோகம், நாப்பது வயது மதிக்கத்தக்க கமக்கார அண்ணை, கையில ரிப்போர்ட். பிளேட்லெட் 92,000. "டெங்குவாம் டொக்டர், பப்பாசிச் சாறு குடிக்கிறன்."

கேட்டுப் பாத்தா காய்ச்சல் தொடங்கி ஏறத்தாழ 90 மணித்தியாலம், அதாவது நாலாம் நாள். திடீரெண்டு குளிரோட வந்தது, இருமல் தடிமன் இல்லை. வரம்பு கட்ட ரெண்டு கிழமையா முழங்கால் சேத்தில நிண்டிருக்கிறார், காலில வெட்டுக்காயம். கண் ரெண்டும் சிவப்பு, ஆனா பீளை இல்லை. கெண்டைக்காலைப் பிடிச்சு அமத்த, மனுசன் காலை இழுத்துப்போட்டார். சலம் காலமையிலயிருந்து ஒருக்காத்தான், அதுவும் கொஞ்சம். இவ்வளவும் பாத்த பிறகுதான் பேப்பரைத் திருப்பினது.

வெள்ளை அணு 9,800, அதில நியூட்ரோஃபில் 87 வீதம், சி.ஆர்.பி 148. டெங்குவில நாலாம் நாள் எண்டால் வெள்ளை அணு வழமையா விழுந்து மூவாயிரம் நாலாயிரத்தில நிக்கும், நியூட்ரோஃபில் இப்பிடி நிக்காது, சி.ஆர்.பியும் இவ்வளவு வாறது அருமை. பிளேட்லெட் ஒண்டுதான் டெங்கு எண்டுது, மற்றதெல்லாம் வேற கதை சொல்லுது. சிறுநீரக வேலையைக் காட்டுற கிரியேட்டினின் பாத்தா 1.9, 1.2 அளவில நிக்க வேண்டியது, சலத்தில புரதமும் இருக்கு. எலிக்காய்ச்சல் எண்டு வச்சு பெனிசிலின் ஊசியைத் தொடங்கி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறது. எதிர்ப்புப் பொருள் ரெஸ்ட் முதல் கிழமையில நெகடிவாத்தான் வரும், அதுக்காகக் காத்திருந்தா சிறுநீரகம் காத்திருக்காது. டெங்குவும் சேர்ந்திருக்கலாம் எண்டதால ரத்த அணுக்களை எண்ணுற எஃப்.பி.சியை நாளாந்தம் எடுத்துக்கொண்டே இருக்கோணும், ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக் கிட்டவும் வேண்டாம்.

அடுத்த நாள் காலமை சி.ஆர்.பி 156. புதுசா வந்த ஆக்கள் இந்த இடத்திலதான் "மருந்து வேலை செய்யேல்ல" எண்டு அன்டிபயோட்டிக்கை மாத்தப் பாப்பினம். மாத்தாதேங்கோ, முந்தி ஈரலுக்குப் போன தகவல்தான் இப்ப வந்து சேருது. ஆள் எப்பிடி, சலம் எவ்வளவு, பிரஷர் எப்பிடி எண்டு பாருங்கோ. அதுக்கடுத்த நாள் 81, பிறகு 37. முழுசாப் பாதியாகாட்டிலும் இறங்குற போக்குத்தான் முக்கியம். 48 மணித்தியாலம் போயும் இறங்கேல்ல எண்டால்தான் கண்டுபிடிப்பு பிழையோ, எங்கயாவது சீழ் கட்டியிருக்கோ எண்டு யோசிக்கிறது. ஒரு விலை கூடின ரெஸ்டை விட, 24 மணித்தியால இடைவெளியில எடுத்த ரெண்டு சி.ஆர்.பி எனக்குக் கூட விசயம் சொல்லும்.

அப்பிடியே இன்னொண்டு, சேத்தில இறங்குற ஆக்கள் பி.எச்.ஐயிட்டக் கேட்டு கிழமைக்கு ஒருக்கா போடுற டொக்சிசைக்கிளின் தங்களுக்குச் சரிவருமோ எண்டு விசாரியுங்கோ.

பிறகு சேர்த்தது

கருத்துப் பகுதியில ஒரு தங்கச்சி கேட்டிருந்தா, அம்மாவுக்கு நாலாம் நாள் காய்ச்சல், சி.ஆர்.பி 4.8தான், அப்ப வைரஸ்தானே எண்டு. ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போடச் சொன்னன், அதில அலகு mg/dL எண்டு இருக்கு. நான் மேல எழுதின எல்லாக் கணக்கும் mg/L. பத்தால பெருக்கோணும், அப்ப அது 48. எண்ணைப் பாக்க முதல், பக்கத்தில இருக்கிற அந்தச் சின்ன எழுத்தைப் பாருங்கோ, வேற வேற லாப் வேற வேற மாதிரி அடிப்பினம்.

இன்னொரு தம்பி எழுதினது: முதல் நாள் 24, அடுத்த நாள் 48, ரெண்டு மடங்காகிட்டுது எண்டு. அது லேற்றெக்ஸ் முறையில செய்த ரெஸ்ட். ரத்தத்தைப் பாதி பாதியா ஐதாக்கிப் பாக்கிறதால 6, 12, 24, 48 எண்டுதான் விடை வரும், இடையில ஒண்டும் இல்லை. உண்மையில 44இலயிருந்து 50க்குப் போனாலும் அதில 24, 48 எண்டு தெரியும். அப்பிடி ஒரு படி மாறினதை வச்சு மருந்தை மாத்தாதேங்கோ, ரெண்டு ரெஸ்டையும் ஒரே லாப்பில, ஒரே முறையில, மெசினில எண்ணா வாற மாதிரிச் செய்யச் சொல்லி எழுதிவிடுங்கோ.