வெயில் நாட்களில் சவர்டோ ஸ்டார்ட்டர்: இரண்டாம் நாள் பொங்குவதை நம்பாதீர்கள்

பிரெட்டை உப்ப வைக்க மாவையும் தண்ணீரையும் கலந்து புளிக்கவைத்துச் செய்வது சவர்டோ ஸ்டார்ட்டர். அதைப் பற்றிய குறிப்புகள் பலவும் அறையின் வெப்பம் 21 டிகிரி என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. உங்கள் சமையலறை 31, 32 டிகிரியில் இருந்தால் அதே அளவும் அதே நேரமும் உங்களுக்கு ஒத்துவராது. ஸ்டார்ட்டர் செத்துப்போகாது. ஆனால் நன்றாகப் புளிக்கும், பிரெட்டைத் தூக்காது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் குழம்புவது இங்கேதான்.

காரணம் எளிது. ஸ்டார்ட்டருக்குள் இரண்டு கூட்டம் இருக்கிறது. ஒன்று மாவை உப்ப வைக்கும் யீஸ்ட், மற்றது புளிப்பைக் கொடுக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா. சவர்டோவில் வாழும் யீஸ்ட்டுகளில் பலவற்றுக்கு 27 டிகிரியை ஒட்டிய சூடு பிடிக்கும். 32-ஐத் தாண்டும்போது அவை சுணங்கத் தொடங்கும், 35-க்கு மேல் பெரும்பாடு படும். பாக்டீரியாவுக்கோ 32, 33 டிகிரிதான் கொண்டாட்டம். ஆகவே வெயில் காலத்தில் நாம் செய்ய வேண்டிய வேலை யீஸ்ட் பின்தங்காமல் பார்த்துக்கொள்வது. கீழே வரும் படிகள் எல்லாமே அதற்காகத்தான்.

எடுத்து வைக்க வேண்டியவை

பக்கங்கள் நேராக இருக்கும் அரை லிட்டர் கண்ணாடி ஜாடி ஒன்று. வளைந்த ஜாடியில் மாவு எவ்வளவு ஏறியது என்று கணக்குப் பார்க்க முடியாது. மட்டத்தைக் குறிக்க ஒரு ரப்பர் பேண்ட், கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு, முழுக் கோதுமை மாவு, மைதா. கப் கணக்கு வேண்டாம், மாவின் எடை அழுத்தி அளந்தால் ஒன்று, தளர்வாக அளந்தால் இன்னொன்று. தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் கொதிக்கவைத்து நன்றாக ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். மூடியை இறுக்காமல் மேலே வைத்தால் போதும், உள்ளே உருவாகும் வாயு வெளியேற வேண்டும். துணி கட்டினால் சூட்டில் மேற்பரப்பு காய்ந்து ஏடு படியும், சிறு ஈக்களும் மொய்க்கும்.

முதல் நாள்

40 கிராம் முழுக் கோதுமை மாவும் 45 கிராம் தண்ணீரும். கோதுமை மாவு தண்ணீரை நிறையக் குடிக்கும் என்பதால்தான் அந்த 5 கிராம் கூடுதல். உலர்ந்த மாவு எங்கும் தெரியாமல் கலந்து, பக்கங்களை வழித்துவிட்டு, மட்டத்தில் ரப்பர் பேண்ட் போடுங்கள். அடுப்புக்குப் பக்கத்திலோ வெயில் படும் ஜன்னலிலோ வைக்காதீர்கள், வீட்டில் இருப்பதிலேயே குளுமையான மூலை எதுவோ அங்கே வையுங்கள்.

இரண்டாம் நாள்: பொய்யான எழுச்சி

மறுநாள் காலையில் பார்த்தால் மாவு இரண்டு மடங்கு ஏறி, உள்ளே குமிழிகளாக இருக்கலாம். வெயில் காலத்தில் பன்னிரண்டு மணி நேரத்திலேயே கூட இப்படி நடக்கும். ஸ்டார்ட்டர் தயார் என்று தோன்றும். மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். அழுகிய சீஸ், ஈரச் சாக்கு, சிலசமயம் வாந்தி போன்ற வாடை வரும். இது யீஸ்ட்டின் வேலை அல்ல. மாவிலேயே ஒட்டியிருந்த லியூக்கோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் முதலில் கிடைத்த இடத்தில் பெருகி விட்ட வாயு அது. இந்த நாட்களில் ஸ்டார்ட்டரை நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: நன்றாகக் கலக்கி, 30 கிராமை மட்டும் சுத்தமான ஜாடியில் வைத்துக்கொண்டு மீதியைக் கொட்டிவிடுங்கள். அதோடு 15 கிராம் கோதுமை மாவு, 15 கிராம் மைதா, 30 கிராம் தண்ணீர் சேருங்கள். அதாவது பழையதும் மாவும் தண்ணீரும் சம அளவு, 1:1:1. மூன்றாம் நாளும் நான்காம் நாளும் இதையே ஒரு நாளைக்கு ஒரு முறை செய்யுங்கள்.

இந்தக் கட்டத்தில் சூட்டைக் கண்டு பயந்து அடிக்கடி புது மாவு போடத் தோன்றும். போடாதீர்கள். உள்ளே அமிலம் சேர்ந்தால்தான் அந்த முதல் கூட்டம் ஒடுங்கும், அமிலத்தைத் தாங்கும் யீஸ்ட்டுக்கும் நல்ல பாக்டீரியாவுக்கும் வழி கிடைக்கும். அடிக்கடி மாவு போட்டால் சேர்ந்த அமிலம் நீர்த்துப்போய், கெட்ட வாடைக் கட்டமே நீளும்.

இரண்டாம் நாள் துள்ளிய மாவு மூன்றாம், நான்காம் நாளில் அசையாமல் கிடக்கும். நிறைய பேர் அதைத் தூக்கி எறிவது இந்த நாளில்தான். அது சாகவில்லை, ஆள் மாறுகிறது. அதற்கு அடையாளம் வாடை: அழுகல் போய் மோர் போன்ற சுத்தமான புளிப்பு வரும்.

புளிப்பு வந்த பிறகு: மாவை அதிகமாக்குங்கள்

சுத்தமான புளிப்பு வாடையும் ஊசிமுனை அளவுக் குமிழிகளும் தெரிந்தவுடன் முறையை மாற்ற வேண்டும். வெயில் காலத்தில் இது பெரும்பாலும் நான்காம் அல்லது ஐந்தாம் நாளில் வரும், தள்ளிப்போனாலும் கவலையில்லை.

32 டிகிரியில் 1:1:1 அளவு மூன்று, மூன்றரை மணி நேரத்தில் தின்று தீர்ந்துவிடும். அடுத்த மாவு வரும்வரை மீதி நேரமெல்லாம் ஸ்டார்ட்டர் பட்டினி கிடந்து அமிலம் ஏறிக்கொண்டே போகும். மேலே சாம்பல் நிறத்தில் நீர் தேங்குவதும், நெயில் பாலிஷ் கழுவும் திரவம் போல மூக்கைத் துளைக்கும் வாடையும், மாவு கஞ்சி போல இழைவதும் இந்தப் பட்டினியின் அறிகுறிகள். அழுகல் என்று நினைக்க வேண்டாம்.

அதனால் ஒரு நாள் 1:2:2 அளவில் இரண்டு முறை கொடுங்கள், மறுநாள் முதல் 1:5:5. அதாவது 10 கிராம் பழையது, 50 கிராம் மாவு (பாதி கோதுமை, பாதி மைதா), 50 கிராம் குளிர்ந்த தண்ணீர். காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை. மாவு ஐந்து மடங்கு ஆனதால் நேரமும் ஐந்து மடங்கு நீளும் என்று எண்ண வேண்டாம். யீஸ்ட் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிப் பெருகுவதால் கூடக் கிடைப்பது இரண்டு, மூன்று மணி நேரம்தான். அதுவே போதும்.

அறை 34, 35 டிகிரிக்குப் போனால் இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஜாடியை ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நிறுத்தி, தண்ணீரை நாளில் இரண்டு மூன்று தடவை மாற்றலாம். அல்லது 50 கிராம் மாவுக்குத் தண்ணீரை 32 கிராமாகக் குறைத்துக் கெட்டியான உருண்டையாகப் பிசையலாம். கெட்டி மாவில் நொதித்தல் மெதுவாக நடக்கும். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி, கண்ணெதிரே காவல் இருக்கத் தேவையில்லை.

தயாரா என்று எப்படித் தெரியும்?

ஒரு நாள் முழுக்கக் கவனித்துப் பாருங்கள். அறை 32 டிகிரி. காலை 7 மணிக்கு 1:5:5 அளவில் கலந்து ஜாடியில் விட்டால் மட்டம் 3 செ.மீ. 10 மணிக்குப் பக்கங்களில் சில குமிழிகள், மட்டம் 3.5. 12 மணிக்கு 6 செ.மீ., அதாவது இரண்டு மடங்கு. 12.45-க்கு 7 செ.மீ.; நடுவில் மேடாக, கவிழ்த்த கிண்ணம் போல உப்பி நிற்கும். 1.30-க்கு மேடு தட்டையாகி, நடுவில் லேசாகக் குழியும், கண்ணாடியில் பழைய உயரத்தின் கறை தெரியும். இது தயாரான ஸ்டார்ட்டரின் நடை. கரண்டியால் ஓரத்தைக் கிளறினால் உள்ளே சிலந்தி வலை போல இழைகள் இழுபடும், இனிப்பும் புளிப்பும் கலந்த வாசனை வரும்.

தயாராகாதது வேறு மாதிரி நடக்கும். 1 மணிக்கு 4 செ.மீ., 3 மணிக்கு 4.5, அதோடு நின்று இறங்கிவிடும். புளிப்பு மட்டும் பலமாக இருக்கும். யீஸ்ட் இன்னும் பின்தங்கியிருக்கிறது என்று பொருள். அதே 1:5:5 அளவை, குளுமையான இடத்தில் வைத்து, இன்னும் சில நாட்கள் தொடருங்கள்.

ஒரு முறை இரண்டு மடங்கு ஏறியதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அடுத்தடுத்து மூன்று முறை, ஏறக்குறைய ஒரே நேரத்தில், இரண்டு மடங்கைத் தாண்ட வேண்டும். ஒரு துளியைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் சோதனையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாம் நாள் பொய்யாகப் பொங்கிய மாவும் மிதக்கும். நல்ல ஸ்டார்ட்டராக இருந்தும் கோதுமை மாவு கூடியிருந்தால், அல்லது எடுக்கும்போது வாயு போய்விட்டால், மூழ்கும்.

சந்தேகம் இருந்தால் இதைவிட நம்பகமான சோதனை ஒன்று இருக்கிறது. உச்சத்தில் இருக்கும் ஸ்டார்ட்டர் 10 கிராம், மைதா 50 கிராம், தண்ணீர் 30 கிராம், உப்பு 1 கிராம். பிசைந்து நேரான கண்ணாடி டம்ளரில் அழுத்தி வைத்து மூடுங்கள். 32 டிகிரியில் நாலைந்து மணி நேரத்தில் இரண்டு மடங்கானால் உங்கள் பிரெட்டும் ஏறும். உப்பு சேர்ந்த மாவைத் தூக்கும் பலம் வந்துவிட்டதா என்பதை இது நேரடியாகச் சொல்லிவிடும். மாவு பிசுபிசுத்து ஒழுகினாலோ, மேல்தோல் கிழிந்து உட்கார்ந்துவிட்டாலோ இன்னும் அமிலம்தான் ஆட்சி செய்கிறது.

எப்போது கொட்டிவிட வேண்டும்

பஞ்சு போலப் பூஞ்சை எந்த நிறத்தில் வந்தாலும், இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறக் கோடு தெரிந்தாலும் முழுவதையும் கொட்டி, ஜாடியைக் கொதிநீரில் கழுவிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். மேலே உள்ளதை மட்டும் சுரண்டி எடுப்பது உதவாது, பூஞ்சையின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கியிருக்கும்.

உச்சத்தைப் பிடிப்பது

வெயிலில் உச்சம் அரை மணி, முக்கால் மணி நேரமே நிற்கும். பிரெட் மாவு பிசையும் நேரத்தை அதற்கேற்ப முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கணக்கில் மதியம் 12.30-க்கு பிசைய வேண்டுமென்றால் காலை 7 மணிக்கு மாவு போட வேண்டும். இடையில் வேறு வேலை வந்துவிட்டால், ஸ்டார்ட்டர் ஒன்றரை மடங்கு ஏறியவுடன் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், குளிரும்வரை இன்னும் கொஞ்சம் ஏறி அங்கேயே நிற்கும். அன்றோ மறுநாளோ அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம்.

தினமும் பிரெட் செய்யாதவர்கள் தயாரான ஸ்டார்ட்டரைக் கெட்டி உருண்டையாக ஃபிரிட்ஜில் வைத்து வாரம் ஒரு முறை மாவு கொடுத்தால் போதும். பிரெட் செய்யும் நாளுக்கு முந்தைய நாள் வெளியே எடுத்து, 1:5:5 அளவில் இரண்டு முறை கொடுத்து, பழைய நேரத்திலேயே இரண்டு மடங்காகிறதா என்று பார்த்துவிட்டுப் பிசையுங்கள்.