எப்போதாவது குடிக்கும் அப்பாவுக்கு ஓய்வுப் பரிசாக விஸ்கி

விலையைப் பார்ப்பதற்கு முன் பாட்டிலின் அளவைப் பாருங்கள். ஒரு தடவைக்கு 30 மில்லி என்றால் 750 மில்லி பாட்டிலில் 25 தடவை. மாதம் ஒருமுறை மட்டும் ஊற்றும் அப்பாவுக்கு அது இரண்டு வருஷம் வரும். திறந்த பாட்டிலில் விஸ்கி குறையக் குறைய உள்ளே காற்று கூடும். கால் பாகம் மிஞ்சும்போது சில மாதங்களிலேயே மணம் போய், சப்பென்று ஆகிவிடும். அதனால் 350 அல்லது 375 மில்லி பாட்டில் கிடைத்தால் அதையே எடுங்கள்.

என் அப்பாவுக்கு க்ளென்ஃபிடிக் 12 வாங்கினேன். பேரிக்காய் வாசனையோடு மென்மையாக இருக்கும், ஆல்கஹால் 40 சதவீதம்தான். லஃப்ராய்க் போன்ற புகை மணக்கும், ஸ்காட்லாந்தின் ஐலே தீவு விஸ்கி பழக்கமில்லாதவருக்கு மருந்து நெடிபோலத் தெரியும். லேபிளில் ‘காஸ்க் ஸ்ட்ரென்த்’ என்றிருந்தால் 55 சதவீதத்துக்கு மேலும் இருக்கலாம், வேண்டாம்.

ஊற்றும்போது ஒரு டீஸ்பூன் தண்ணீர் சேர்த்தால் காரம் அடங்கும். பாட்டிலைப் படுக்க வைக்காதீர்கள், கார்க் ஊறிப் பொடிந்துவிடும். சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை எடுப்பவரென்றால், வாங்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.