ஒரே விமானம், இரண்டு லக்கேஜ் கணக்கு: 30K-யையும் 2PC-யையும் குழப்பிக்கொள்வதால் வரும் தவறுகள்

சென்னையிலிருந்து துபாய் போகும் விமானத்துக்கு ஒரே வரிசையில் இருவர் நிற்கிறார்கள். ஒருவர் துபாயோடு சரி. அவர் டிக்கெட்டில் 30K என்று இருக்கிறது. மற்றவர் அங்கே விமானம் மாறி நியூயார்க் போகிறவர், அவருடையதில் 2PC. ஏறப்போவது ஒரே விமானம்தான், ஆனால் கவுண்டரில் இருவருக்கும் வெவ்வேறு கணக்கு. முதலாமவருக்குத் தராசில் வரும் மொத்த எடைதான் முக்கியம். இரண்டு பெட்டியோ மூன்று பெட்டியோ, பெரும்பாலும் யாரும் கேட்கமாட்டார்கள். இரண்டாமவருக்கு முதலில் பெட்டிகளை எண்ணுவார்கள், பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுப்பார்கள்.

K என்றால் மொத்தக் கிலோ. PC என்றால் பெட்டிகளின் எண்ணிக்கை. நம் ஊரிலிருந்து வளைகுடா, சிங்கப்பூர் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிலோ கணக்குதான் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு அமெரிக்கா, கனடாவுக்குப் பெட்டி கட்டும்போதுதான் முதல் தவறு நடக்கிறது.

2PC-க்கு எகானமியில் வழக்கமான வரம்பு பெட்டிக்கு 23 கிலோ. இதைப் பலர் மனதுக்குள் 46 கிலோ என்று கூட்டி வைத்துக்கொள்கிறார்கள். ஒரு பெட்டி 27, மற்றது 17. மொத்தம் 44, இரண்டு கிலோ மிச்சம்தானே என்பது அவர்கள் கணக்கு. கவுண்டரில் அது செல்லாது. 27 கிலோ பெட்டி நான்கு கிலோ அதிகம், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. இந்தக் கட்டணம் பெரும்பாலும் கிலோவுக்கு இவ்வளவு என்று வராது. 23-க்கு மேல் 32-க்குள் என்றால் பெட்டிக்கு ஒரே தொகை. ஆகவே ஒரு கிலோ கூடினாலும் ஒன்பது கிலோ கூடினாலும் அதே காசுதான். நான்கு கிலோ அரிசியையும் மசாலாவையும் அடுத்த பெட்டிக்கு மாற்றினால் ஒரு பைசா செலவில்லை. கவுண்டருக்குப் பக்கத்தில் பெட்டியைத் திறந்து தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் செய்வது இந்த வேலைதான்.

இதே தவறு தலைகீழாகவும் நடக்கும். 1PC டிக்கெட்டில் 12 கிலோவில் ஒரு பெட்டி, 9 கிலோவில் ஓர் அட்டைப்பெட்டி. மொத்தம் 21 தான், 23-க்குள் அடங்குகிறது. ஆனாலும் இரண்டாவது பெட்டிக்கு முழுக் கட்டணம் கேட்பார்கள். எண்ணிக்கைக் கணக்கில் லேசான பெட்டி என்று ஒரு சலுகை கிடையாது. இங்கே செய்ய வேண்டியது, இரண்டையும் ஒரே பெரிய பெட்டியில் போடுவது. அந்தப் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் வழக்கமாக 158 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். சக்கரமும் கைப்பிடியும் சேர்த்துத்தான் அளப்பார்கள். கூடுதல் பெட்டி, கூடுதல் எடை, கூடுதல் அளவு மூன்றும் தனித்தனிக் கட்டணம் என்பதால், மூன்றாவதாக எடுத்துப்போகும் பெட்டி 28 கிலோவும் இருந்துவிட்டால் ஒரே பெட்டிக்கு இரண்டு முறை காசு கட்ட நேரிடும்.

கிலோ கணக்கில் ஒரு வசதி உண்டு. ஒரே முன்பதிவில் போகும் குடும்பத்துக்குப் பல கம்பெனிகள் எடையை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும். நாலு பேருக்கு 30K என்றால் 120 கிலோ. அப்பா பெட்டி 31, பாப்பா பெட்டி 14 என்றாலும் பரவாயில்லை. PC கணக்கில் எண்ணிக்கையைத்தான் அப்படிப் பகிர முடியும், எடையை முடியாது. கிலோ கணக்கிலும் ஒரு தடை இருக்கிறது: ஒற்றைப் பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பொதுவாக ஏற்கமாட்டார்கள். பெட்டியைத் தூக்கிப் போடும் ஊழியரின் முதுகைக் காப்பதற்கான வரம்பு அது, காசு கட்டினாலும் தளராது. 40K டிக்கெட் இருக்கிறதே என்று 38 கிலோவில் ஒரே பெட்டி கட்டினால் அதைப் பிரித்தே ஆக வேண்டும்.

இனி பெரிய செலவு வைக்கும் தவறுக்கு வருவோம். சில நூறு ரூபாய் மிச்சமாகிறது என்று பயணத்தை இரண்டு டிக்கெட்டாக உடைப்பது. நியூயார்க்கிலிருந்து துபாய் வரை ஒரு டிக்கெட், 2PC. துபாயில் அண்ணன் வீட்டில் நாலு நாள் தங்கிவிட்டு, சென்னைக்குத் தனியாக வாங்கிய டிக்கெட், 30K. நியூயார்க்கில் 23, 23 என்று இரண்டு பெட்டி சுத்தமாக ஏறிவிடும். துபாயில் அதே 46 கிலோ, 16 கிலோ அதிகம். இங்கே கட்டணம் கிலோவுக்கு இவ்வளவு என்பதால் பதினாறு முறை பெருக்க வேண்டும். அதுவும் விமான நிலையத்து விலையில். இணையத்தில் முன்கூட்டியே வாங்கினால் பெரும்பாலும் குறையும். இரண்டு டிக்கெட்டும் ஒரே கம்பெனியுடையது என்று வாதாடிப் பயனில்லை, ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அதனதன் கணக்கு.

ஒரே டிக்கெட்டாக இருந்தால்? அமெரிக்காவில் தொடங்கும் அல்லது முடியும் டிக்கெட்டுக்கு அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் விதி பொருந்தும்: டிக்கெட்டின் தொடக்கத்தில் எந்த லக்கேஜ் விதி பொருந்துகிறதோ, அதுவே கடைசிவரை பொருந்த வேண்டும். நடுவில் கம்பெனி மாறினாலும் மாறாது. முதலில் பார்த்த நியூயார்க் பயணிக்குச் சென்னை–துபாய் துண்டிலும் 2PC கிடைப்பது இதனால்தான். மற்ற தடங்களில், விமானக் கம்பெனிகளின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐயாட்டாவின் 302-ஆம் தீர்மானத்தைப் பல கம்பெனிகள் பின்பற்றுகின்றன. பயணத்தின் முக்கியப் பகுதியை, உதாரணமாக ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கடக்கும் பகுதியை, எந்தக் கம்பெனி ஓட்டுகிறதோ அதன் விதியே மற்றத் துண்டுகளுக்கும். ஆனால் அது பெட்டியை ஒப்படைக்கும் ஊரிலிருந்து திரும்பப் பெறும் ஊர்வரைதான் செல்லும். நடுவில் ஓர் ஊரில் இரண்டு நாள் தங்கிப் பெட்டியைக் கையில் வாங்கிவிட்டால், அங்கிருந்து புதிதாகக் கணக்குப் போடுவார்கள்.

இந்த விதிகளைத் தாண்டிக் கட்டண வகையும் உண்டு. ஒரே கம்பெனி, ஒரே தடம், ஒரே நாள். மலிவான வகையில் 0PC, அடுத்ததில் 1PC. போன வருடம் இரண்டு பெட்டி கொண்டுபோனோம் என்ற நினைவை நம்பக் கூடாது. பார்க்க வேண்டிய இடம் இ-டிக்கெட். ஒவ்வொரு பறத்தலுக்கும் எதிரே Baggage அல்லது Allowance என்ற இடத்தில் 30K, 2PC, 0PC என்று இருக்கும். போகும் வழி, திரும்பும் வழி இரண்டையும் வரிவரியாகப் பாருங்கள். PC என்று இருந்தால் ஒரு பெட்டிக்கு எத்தனை கிலோ என்பதை அந்த எழுத்து சொல்லாது. எகானமியில் பெரும்பாலும் 23, பிசினஸில் 32 என்றாலும், கம்பெனியின் தளத்தில் உங்கள் முன்பதிவைத் திறந்து உறுதிசெய்துகொள்வதே சரி.

உள்நாட்டு விமானத்தில் தொடங்கும் பயணத்துக்கு இது இன்னும் அவசியம். கோயம்புத்தூர்–மும்பை–பிராங்பேர்ட் ஒரே டிக்கெட், இரண்டு துண்டிலும் 1PC என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர் கவுண்டரில் இருப்பவர் உள்நாட்டு வழக்கப்படி 15 கிலோ என்று சொல்லி, 23 கிலோ பெட்டிக்கு எட்டுக் கிலோ காசு கேட்கக்கூடும். உடனே கார்டை நீட்டாமல், இ-டிக்கெட்டின் இரண்டு வரிகளையும் காட்டி, பெட்டியைப் பிராங்பேர்ட் வரை போடச் சொல்லுங்கள். ஒட்டும் சீட்டில் கடைசி ஊராக FRA என்று வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள். BOM என்று மட்டும் இருந்தால் மும்பையில் பெட்டியை வாங்கி மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும்.