மாமிக்கு விலை தெரியக்கூடாது: கொழும்பில் பரிசுப் பில் எடுக்கும் முறை

போன முறை கொழும்புக்கு வந்தபோது வெள்ளவத்தையில் இருக்கும் மாமிக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுத்தேன். காலி வீதியில் ஒரு கடையில் காசைக் கட்டிவிட்டு, "பில்லில் விலை தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னேன். காசாளர் கறுப்பு மார்க்கரை எடுத்து எல்லா எண்களின் மேலும் கோடு இழுத்துத் தந்தார். எனக்கும் அது போதும் என்றுதான் பட்டது.

மாமி பில்லை வாங்கி ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அப்புறம் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தா. ஊசி குத்தி அச்சடிக்கும் பழைய பிரிண்டர். எழுத்தின் தடம் கடதாசியில் அப்படியே பதிந்திருந்தது. "என்ன தம்பி, ஒரு லட்சத்து அறுபத்து நாலோ? இவ்வளவு காசை ஏன் கரியாக்கினீர்?" அன்று பின்னேரம் முழுக்க அதே பேச்சுத்தான்.

இந்த முறை தெகிவளையில் சித்திக்கு வாஷிங் மெஷின் வாங்கியபோது முறையாகச் செய்தேன். கடைக்காரரிடம் விலையை மறைக்கச் சொல்லிக் கேட்கக்கூடாது. விலையே அச்சாகாத வேறொரு கடதாசியைக் கேட்க வேண்டும். வீட்டுக்குச் சாமான் அனுப்பும் கடைகள் பலவற்றில் அப்படி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு டெலிவரி நோட் என்று பெயர். சாமானை இறக்கிய பிறகு, பெற்றுக்கொண்டவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவது அதில்தான். "ஒரிஜினல் பில்லை என் கையில் தாருங்கள், வீட்டுக்கு டெலிவரி நோட்டின் ஒரு பிரதி மட்டும் போகட்டும், இது கிஃப்ட்" என்று சொன்னால் அவர்களுக்கு உடனே விளங்கிவிடும். துணிக்கடைகளிலும் புத்தகக் கடைகளிலும் "கிஃப்ட் பில் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால், பில் இலக்கத்தையும் தேதியையும் சிறு துண்டில் எழுதி முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். சட்டையை மாற்றுவதற்கு அது போதுமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

விலை இல்லை என்பதற்காக மற்ற விவரங்களும் இல்லாமல் போய்விடக்கூடாது. கடையின் பெயர், பில் இலக்கம், வாங்கிய தேதி, மாடல், சீரியல் நம்பர், கடை முத்திரை ஆகிய எல்லாம் இருக்க வேண்டும். மெஷின் பழுதானால் சேவை நிலையத்தில் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். இதில் சீரியல் நம்பர்தான் பெரும்பாலும் தவறிப்போகிறது. காட்சியறையில் நீங்கள் பார்ப்பது ஒரு மெஷின், வீட்டுக்கு வருவது களஞ்சியத்தில் இருக்கும் இன்னொன்று. பில் போடும் நேரத்தில் எது வரப்போகிறது என்று அவர்களுக்கே தெரியாது. அதனால் அந்த இடம் வெறுமையாக இருக்கும், வாரன்டி அட்டையிலும் அப்படியே. சித்தி வீட்டில் பெட்டியை இறக்கியதும், பெட்டியில் ஒட்டியிருந்த நம்பரும் மெஷினின் பின்பக்கத்து நம்பரும் ஒன்றா என்று பார்த்து, வந்த பையனையே வாரன்டி அட்டையில் எழுத வைத்தேன். அட்டையில் விலைக்கென்று ஒரு கட்டம் இருந்தால் அதைக் கடையிலேயே வெறுமையாக விடச் சொல்லுங்கள்.

விலை கசிவது பில்லால் மட்டும் இல்லை. கடையில் தொலைபேசி இலக்கம் கேட்பார்கள். டெலிவரிக்கு வசதி என்று நாம் சித்தியின் இலக்கத்தைச் சொல்லிவிடுவோம். பத்து நிமிடத்தில் "உங்கள் கொள்வனவுக்கு நன்றி, மொத்தம் இவ்வளவு" என்று அவருக்கே எஸ்.எம்.எஸ். போய்விடும். ஆகவே இரண்டு இலக்கம் கொடுங்கள்: பில்லுக்கு உங்களுடைய உள்ளூர் சிம், இறக்குமிடத்துக்கு அவருடையது. இணையத்தில் ஓடர் போட்டாலும் இதே கதைதான். பில்லிங் என்ற இடத்தில் உங்கள் பெயரும் மின்னஞ்சலும், ஷிப்பிங் என்ற இடத்தில் அவருடைய பெயரும் விலாசமும் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்று என்று முன்கூட்டியே போட்டிருக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். காசை முன்னதாகவே கட்டிவிடுங்கள். கேஷ் ஒன் டெலிவரி என்றால், வாங்க வேண்டிய தொகை பொதிக்கு வெளியே ஒட்டிய தாளிலேயே பெரிதாக இருக்கும். பிறகு உள்ளே எதை மறைத்து என்ன?

கிஃப்ட் என்று குறிக்க இணையக் கடையில் இடம் இருந்தால் குறியுங்கள், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். வாழ்த்து அட்டை வைப்பது வேறு, பில்லை வெளியே எடுப்பது வேறு. வாழ்த்து அட்டையும் பில்லும் ஒரே உறைக்குள் வந்த கதை எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. ஓடர் போட்ட கையோடு ஒரு தடவை கூப்பிட்டு, பெட்டிக்குள் என்ன கடதாசி போகிறது என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை.

கொண்டுவருகிற பையன்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும். நல்ல மனதோடுதான் "இந்தாங்க அம்மா பில்" என்று நீட்டுவார்கள். பலருக்குத் தமிழ் வராது, நமக்குச் சிங்களம் வராது. "பில் எக்க தென்ன எப்பா" என்றால் பில்லைக் கொடுக்க வேண்டாம், "மில கியன்ன எப்பா" என்றால் விலையைச் சொல்ல வேண்டாம். இந்த இரண்டும் போதும். காட்சியறையிலிருந்தே எடுத்து வந்த சாமான் என்றால் விலைச் சீட்டு கதவில் ஒட்டியிருக்கும், அதையும் பாருங்கள். பொதி செய்த சிறு சாமான்களில் உச்ச சில்லறை விலை பெட்டியிலேயே அச்சாகியிருக்கும். அதை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

வெளிநாட்டிலிருந்தே பொதியாக அனுப்பலாமே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. தபாலில் வரும் பொதியில் சுங்கத்துக்கான CN22 அல்லது CN23 படிவம் இருக்கும். அதில் பெறுமதி எழுதியே ஆக வேண்டும், பரிசு என்று குறித்தாலும் எழுத வேண்டும். அனுப்பும் கடை உள்ளே விலையில்லாத சீட்டு வைத்தாலும் வெளியே தொகை தெரியும். குறைத்து எழுதினால் அது பொய்க் கூற்று, சுங்கத்தில் மாட்டினால் பரிசு வாங்குபவர்தான் அலைய வேண்டும். விலை தெரியக்கூடாது என்றால் கொழும்பிலேயே வாங்குங்கள்.

விலையுள்ள ஒரிஜினல் பில்லை எறிந்துவிடாதீர்கள். நான் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கடதாசியை உறையில் போட்டு ஒட்டி மச்சானிடம் கொடுத்தேன். சித்தியின் அலுமாரியில் மட்டும் வைக்காதே என்றும் சொன்னேன். நான் ஊர் திரும்பிய பிறகு வாரன்டிக்கு யாராவது அந்தப் பில்லைக் கேட்டால் கடைக்குப் போகப் போவது அவன்தான்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் எனக்கு வழி கிடைக்கவில்லை. மெஷின் சரியில்லை, வேறு மாடல் வேண்டும் என்று சித்தி கடைக்குப் போனால், இரண்டு மாடலுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் கண் முன்னாலேயே கணக்குப் பார்ப்பார்கள். காசைத் திருப்பித் தருவதாக இருந்தாலும் பொதுவாக அட்டையில் கட்டியவருக்கே அது திரும்பும். ஆகவே நான் கிளம்பும் முன் மெஷினில் இரண்டு தடவை துணி போட்டு ஓடவிட்டுப் பார்த்தேன். இரண்டாவது தடவை சுழலும்போது அது குசினியில் ஒரு சாண் தூரம் நகர்ந்தது. கால்களை மட்டப்படுத்தியதும் நின்றுவிட்டது. சித்தி இன்னும் விலை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறா.