வாய் கோணியவுடன் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை: பக்கவாதத்தைக் கண்டுபிடித்து விரைந்து செயல்படும் முறை

சென்ற ஆண்டு ஒரு காலைப்பொழுதில் அப்பாவின் கையிலிருந்து காபி டம்ளர் நழுவி விழுந்தது. அப்போது மணி 6:10. அம்மா என்னை எழுப்பினார். அப்பாவின் வாய் இடப்பக்கம் கோணியிருந்தது, வலக்கை தொங்கியது. பக்கவாதம் என்று புரிந்துகொள்ள எனக்குச் சிரமமில்லை. அதன்பிறகு செய்ததில்தான் இரண்டு தவறுகள். அந்த இரண்டையும் நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: முகம், கை, பேச்சு

மூன்றையும் சோதிக்க ஒரு நிமிடம் போதும்.

முகத்துக்கு, "சிரியுங்கள்" என்று சொல்லாதீர்கள். பயந்துபோனவருக்குச் சிரிப்பு வராது. "ஈ என்று பல்லைக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். உதட்டின் ஒரு ஓரம் மேலேறி, மற்றது அப்படியே தங்கிவிட்டால் அது பக்கவாதத்தின் அடையாளம்.

கைக்கு, உள்ளங்கைகள் வானத்தைப் பார்க்கும்படி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் செய்யுங்கள். கண்களை மூடச் சொல்லிவிட்டுப் பத்து வரை எண்ணுங்கள். பலவீனமான கை மெல்லக் கீழிறங்கும், அல்லது உள்ளங்கை தானாக உள்பக்கம் திரும்பும். என் அப்பாவுக்கு நான் கையைப் பிடித்து அழுத்தச் சொல்லித்தான் பார்த்தேன். ஓரளவு அழுத்தினார், நானும் சற்று நிம்மதி அடைந்தேன். சிறிய பலவீனம் கைப்பிடியில் தெரியாமல் போகலாம். நீட்டிய கையில்தான் அது தெரியும்.

பேச்சுக்கு நாக்கு புரளும் வாக்கியம் எதுவும் வேண்டாம். நன்றாக இருக்கும்போதே பலருக்கு அது வராது. அவர் தினமும் சொல்லும் ஒன்றைச் சொல்லச் செய்யுங்கள்: வீட்டு முகவரி, பேரப்பிள்ளைகளின் பெயர்கள். குழறினாலும், சொல் கிடைக்காமல் திணறினாலும், தெளிவாகவே சம்பந்தமில்லாமல் பேசினாலும் கணக்கு ஒன்றுதான். பல்செட் கழற்றியிருந்தால் பேச்சும் முகமும் மாறும். அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மூன்றில் ஒன்று திடீரென்று வந்திருந்தாலும் போதும். மற்ற இரண்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

படி 2: கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்விக்கு, "6:10க்கு ஆரம்பித்தது" என்று உறுதியாகச் சொன்னேன். அவர் தலையசைக்கவில்லை. "6:10க்கு நீங்கள் பார்த்தீர்கள். அதற்கு முன்னால் இவரை நன்றாக இருந்த நிலையில் கடைசியாகப் பார்த்தது யார், எத்தனை மணிக்கு?" என்றார்.

மூளைக்குப் போகும் இரத்தக்குழாயை உறைந்த இரத்தக் கட்டி அடைத்திருந்தால், அதைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நேரம் கடக்கக் கடக்கப் பலன் குறைகிறது, மூளைக்குள் இரத்தம் கசியும் ஆபத்து கூடுகிறது. அந்த நாலரை மணி நேரம் நாம் பார்த்த நொடியிலிருந்து ஓடத் தொடங்குவதில்லை. நோயாளி நன்றாக இருந்ததாகத் தெரிந்த கடைசி நேரத்திலிருந்து ஓடுகிறது.

முதல் நாள் இரவு பத்து மணிக்கு அப்பா படுத்தார். அதையே கடைசி நேரமாக வைத்திருந்தால், விடியற்காலை 2:30க்கே கெடு முடிந்துவிட்டது. நல்லவேளையாக அம்மாவுக்கு ஒன்று நினைவு வந்தது. குளியலறைக்குப் போக எழுந்த அப்பா, "டார்ச் எங்கே வைத்தாய்?" என்று தெளிவாகக் கேட்டிருக்கிறார். பதில் சொல்லும்போது அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். மணி 4:30. ஆகவே எங்களுக்கு ஒன்பது மணிவரை நேரம் இருந்தது. நான் சொன்ன 6:10 கணக்கில் போயிருந்தால் 10:40 வரை நேரம் இருப்பதாக எல்லோரும் தவறாக நம்பியிருப்போம்.

அதனால் வீட்டிலிருப்பவர்களை உடனே விசாரியுங்கள்: யாரிடம் பேசினார், யாருக்குத் தொலைபேசினார், பால்காரர் பார்த்தாரா? கிடைத்த நேரத்தைப் பேனாவால் உங்கள் உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் குறிப்பதை நான் விரும்புவதில்லை. அந்தக் குழப்பத்தில் அது பத்துப் பேர் கைக்கு மாறும்.

நேரம் கடந்துவிட்டதாகத் தெரிந்தாலும் வீட்டில் இருந்துவிடாதீர்கள். பெரிய குழாய் அடைபட்ட சிலருக்கு, ஸ்கேனில் மூளை காப்பாற்றும் நிலையில் இருந்தால், 24 மணி நேரம்வரைகூடக் குழாய்வழியே கட்டியை வெளியே எடுக்கிறார்கள்.

படி 3: பக்கத்து மருத்துவமனை அல்ல, ஸ்கேன் உள்ள மருத்துவமனை

இது என் இரண்டாவது தவறு. பக்கத்துத் தெரு மருத்துவமனைக்கு 6:35க்குப் போனோம். இரத்த அழுத்தம் பார்த்து, குளுக்கோஸ் ஏற்றி, "கொஞ்ச நேரம் பார்க்கலாம்" என்றார்கள். அரை மணி நேரம் போயிற்று. அங்கே சி.டி. ஸ்கேன் இல்லை.

குழாய் அடைத்தாலும் வெடித்தாலும் வெளியே அறிகுறிகள் ஒரேமாதிரிதான் இருக்கும். முதலாவதற்குக் கட்டியைக் கரைக்க வேண்டும். இரண்டாவதற்கு அதே மருந்து உயிரைப் பறிக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஸ்கேன் மட்டுமே. ஆகவே 108ஐ அழைத்து, "பக்கவாதம் என்று சந்தேகிக்கிறோம், கடைசியாக 4:30க்கு நன்றாக இருந்தார், சி.டி. ஸ்கேனும் கட்டியைக் கரைக்கும் ஊசியும் உள்ள இடத்துக்குப் போக வேண்டும்" என்று சொல்லுங்கள். உங்கள் ஊரிலிருந்து அப்படிப்பட்ட இடம் எது என்பதை இன்றே விசாரித்து வையுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து தொடங்கலாம்.

நாங்கள் 7:40க்குச் சேர்ந்தோம். 7:55க்கு ஸ்கேன், 8:25க்கு ஊசி. கெடு முடிய 35 நிமிடம்தான் மீதியிருந்தது.

படி 4: கொடுக்கக் கூடாதவை

தண்ணீர்கூட வேண்டாம். விழுங்கும் தசைகளும் தளர்ந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பிரின் வேண்டாம், இரத்தக் கசிவாக இருக்கலாம். வீட்டில் இரத்த அழுத்தக் கருவி இருந்தால் அலமாரியிலேயே இருக்கட்டும். 190 என்று பார்த்துப் பதறி நாக்கடியில் மாத்திரை வைத்தால், ஏற்கெனவே தவிக்கும் மூளைக்கு வரும் இரத்தம் மேலும் குறையும். விரல் நுனிகளை ஊசியால் குத்தி இரத்தம் எடுக்கச் சொல்லும் செய்தி குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. அதனால் பயன் இல்லை, நேரம்தான் போகும்.

சர்க்கரை பார்க்கும் கருவியை மட்டும் நான் ஆதரிக்கிறேன். சர்க்கரை மிகவும் இறங்கினாலும் பேச்சு குழறும், கை தளரும். வண்டி வரும்வரை பார்த்து, அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்காகப் புறப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை அதில் இருந்தால் ஊசி போடும் முடிவே மாறலாம்.

பிற்சேர்க்கை 1: ஒரு வாசகியின் தாய்க்கு வாய் கோணியது, கை பலமாக இருந்தது, கண்ணை மூட முடியவில்லை. அது முகநரம்பு வாதம் என்று தெரிந்ததாம். அதில் நெற்றியின் அந்தப் பக்கமும் சுருங்காது. மூளையின் இரு பாதிகளிலிருந்தும் நெற்றிக்குக் கட்டளை வருவதால், பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி சுருங்கும். ஆனால் இதை வைத்து வீட்டில் முடிவெடுக்காதீர்கள். அந்த அம்மாவையும் அழைத்துப் போனதே சரி.

பிற்சேர்க்கை 2: "இருபது நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது, போக வேண்டுமா?" என்று மூவர் கேட்டிருக்கிறார்கள். அன்றே போக வேண்டும். கட்டி தற்காலிகமாக விலகியிருக்கிறது, அவ்வளவுதான். முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து அடுத்த இரண்டு நாட்களில்தான் மிக அதிகம். வண்டியில் ஏறும்முன் அறிகுறி தொடங்கிய நேரத்தையும் மறைந்த நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.