ஹேர் டை ஒத்துக்கொள்ளாதவர்கள் ஸ்டைலிஸ்டுக்கு என்ன எழுதி அனுப்பலாம்?

"எனக்கு சென்சிட்டிவ் ஸ்கால்ப், மைல்டான டை போடுங்க." நான் முதலில் அனுப்பிய மெசேஜ் இவ்வளவுதான். ஸ்டைலிஸ்டும் அக்கறையாக அமோனியா இல்லாத டையை எடுத்து வைத்திருந்தார். என் பிரச்சினை அமோனியாவே இல்லை. அதை நான் எழுதவில்லை, அவருக்கு எப்படித் தெரியும்?

முதலில் எழுத வேண்டியது, போன தடவை தொந்தரவு எப்போது ஆரம்பித்தது என்பது. டை தலையில் இருக்கும்போதே எரிந்து, அலசியதும் அடங்கிவிட்டால் பெரும்பாலும் அது தோல் எரிச்சல். எனக்கு அன்று ஒன்றுமே இல்லை. இரண்டாம் நாள் காலையில் காதுக்குப் பின்னால் அரிப்பு, மாலைக்குள் இமைகள் வீங்கிவிட்டன. இப்படித் தாமதமாக வந்தால் ஒவ்வாமை என்றுதான் சந்தேகப்பட வேண்டும். நிரந்தரமான கருமை நிற டைகளில் இருக்கும் பாரா-ஃபினிலீன்டையமின், சுருக்கமாக பிபிடி, இதற்கு அடிக்கடி காரணமாகிறது. ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால், அடுத்த முறை கொஞ்சம் பட்டாலே போதும், இன்னும் மோசமாகவும் வரலாம்.

அடுத்து, தவிர்க்க வேண்டியதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். பிபிடியோடு டொலுயீன்-2,5-டையமினையும் சேருங்கள். பிபிடி இல்லாத டைகள் சிலவற்றில் இதுதான் இருக்கும், பிபிடி ஒத்துக்கொள்ளாத பலருக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாது. 'ஹெர்பல்' என்ற சொல்லை நம்ப வேண்டாம். 'கருப்பு மருதாணி' என்று விற்கும் பொடிகளிலும் பிபிடி கலந்திருப்பது உண்டு.

நான் இப்போது அனுப்புவது இது:

"வணக்கம். சனிக்கிழமை முடி வெட்டிக்கொண்டு, கலரும் செய்ய வருகிறேன். போன வருடம் கருப்பு டை போட்டு இரண்டு நாள் கழித்து தலைத்தோல் அரித்து, இமைகள் வீங்கின. டாக்டரின் பேட்ச் டெஸ்டில் பிபிடி ஒவ்வாமை என்று தெரிந்தது. பிபிடி, டொலுயீன்-2,5-டையமின் இரண்டும் வேண்டாம். நீங்கள் போட நினைக்கும் டை பெட்டியில் உள்ள மூலப்பொருள் பட்டியலைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? பிரஷ், கிண்ணம், கையுறை எல்லாம் டை படாததாக இருக்கட்டும். வாசனை அதிகமுள்ள ஷாம்பூவும் எரிகிறது, அதுவும் வேண்டாம்."

பேட்ச் டெஸ்ட் செய்யவில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிட்டு, 'காரணம் இன்னும் உறுதியாகவில்லை' என்று உள்ளபடி எழுதுங்கள். அப்புறம், கலரைத் தள்ளிப்போட்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். பேட்ச் டெஸ்டில் சந்தேகப்படும் பொருட்களை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, அதற்குப் பிறகும் ஒருமுறை பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். ஏற்கெனவே வீங்கியவர்கள் சலூனிலேயே காதுக்குப் பின்னால் டையைத் தடவிப் பார்ப்பது சரியில்லை. மூச்சுத் திணறல் வந்திருந்தால், டாக்டர் சரி என்று சொல்லும்வரை டை பக்கமே போகாதீர்கள்.

மெசேஜை நாலைந்து நாள் முன்பே அனுப்பிவிடுங்கள், பட்டியலைப் படிக்க நேரம் வேண்டும். "பார்த்துக்கலாம் வாங்க" என்று மட்டும் பதில் வந்தால், படத்தை இன்னொரு தடவை கேளுங்கள். அப்போதும் வரவில்லையா, சனிக்கிழமை முடியை மட்டும் வெட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.