வங்கிக்கு இஎம்ஐ ஒத்திவைப்புக் கடிதம்: ஆங்கில மாதிரியைத் தமிழுக்குக் கொண்டுவருவது எப்படி

என் தங்கை கணவர் திருப்பூரில் குட்டியானை ஓட்டுகிறார். கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், வண்டிக் கடனோ மாதம் 5ஆம் தேதி ஆனால் வந்து நிற்கும். இணையத்தில் கிடைத்த ஓர் ஆங்கில மாதிரியை எடுத்துத் தமிழில் கடிதம் எழுதிக் கொடுத்தோம். கிளையில் வாங்கிப் படித்த அதிகாரி, "எந்தத் தவணையிலிருந்து எந்தத் தவணை வரைக்கும்? வட்டியை என்ன செய்யச் சொல்றீங்க?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். மாதிரியில் அந்த இரண்டுக்கும் இடமே இல்லை. திருத்திய கடிதம் ஏற்கப்பட்டது, அதைத்தான் இங்கே கொடுக்கிறேன்.

முதலில் மாதிரியில் எதை வெட்டவேண்டும் என்று பாருங்கள். நம் ஊர் மாதிரிகள் பல 2020இல் எழுதப்பட்டவை. கொரோனா நேரத்தில் ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 1 முதல் மே 31 வரையிலும், பிறகு நீட்டித்து ஆகஸ்ட் 31 வரையிலும் தவணைகளை ஒத்திவைக்க வங்கிகளுக்கு அனுமதி கொடுத்தது. "ரிசர்வ் வங்கி அறிவிப்பின்படி" என்று தொடங்கும் வரி அந்தக் காலத்தது, முழுசாக எடுத்துவிடுங்கள். முடிந்துபோன சலுகையைக் காட்டிக் கேட்டால் "அது இப்போ கிடையாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இன்று இது உரிமை இல்லை, வங்கி நம் நிலைமையைப் பார்த்து முடிவெடுக்கும் விஷயம். ஆகவே காரணமும் அதற்கான காகிதமும்தான் கடிதத்தின் பலம். வெளிநாட்டு மாதிரிகளில் பக்கம் பக்கமாக வரும் மன வேதனை வர்ணனையும் வேண்டாம். என்ன நடந்தது, வருமானம் எவ்வளவு குறைந்தது, எப்போது திரும்ப வரும், இந்த மூன்றும் போதும்.

அடுத்தது வட்டி. இதில்தான் நிதானமாக உட்காரவேண்டும். தவணை நின்றாலும் வட்டி நிற்காது. தங்கை கணவரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம்: பாக்கி அசல் 6,00,000 ரூபாய், வட்டி ஆண்டுக்கு 9%, இஎம்ஐ 12,455, இன்னும் 60 தவணை. மூன்று மாதம் கட்டாமல் விட்டால், வட்டி அசலோடு சேர்ந்து பாக்கி 6,13,601 ஆகிவிடும். அதற்குப் பிறகு என்ன என்பதற்கு மூன்று வழி இருக்கிறது. இஎம்ஐயை மாற்றாமல் தவணைகளைக் கூட்டலாம், அப்போது 62 தவணை வரும், கடைசித் தவணை மட்டும் 9,000 சொச்சம். 60 தவணையாகவே வைத்தால் இஎம்ஐ 12,737 ஆகும். கடன் முடியும் தேதியே மாறக்கூடாது என்றால் 57 தவணைதான் மிச்சம், இஎம்ஐ 13,269க்கு ஏறும். அப்போதுதான் வேலைக்குத் திரும்பும் ஆளுக்கு மாதம் 800 ரூபாய் கூடுவது பாரம், அதனால் முதல் வழியைக் கேட்டோம். அதன் விலையும் தெரிந்திருக்கட்டும், மொத்தத்தில் சுமார் 21,500 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறோம். மூன்று மாதமும் வட்டியை மட்டுமாவது, அதாவது 4,500 ரூபாய், கட்ட முடிந்தால் பாக்கி ஏறவே ஏறாது. முடிகிறவர்கள் அதைத்தான் கேட்கவேண்டும் என்பது என் கருத்து.

இதற்கு இணையத்தில் இருக்கும் இஎம்ஐ கால்குலேட்டர்கள் எனக்குப் பிடிப்பதில்லை, ஒத்திவைப்பை அவை பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. எக்செல் அல்லது லிப்ரே ஆபிஸில் இந்த ஒரு வரி போதும்:

```
=NPER(0.09/12, -12455, 613601)
```

61.7 என்று வரும், அதாவது 62 தவணை. உங்கள் வட்டி, இஎம்ஐ, ஏறிய பாக்கி மூன்றையும் மாற்றிப் போடுங்கள்.

இனி கடிதம்:

அனுப்புநர்: (பெயர், முகவரி, கைபேசி எண்)
பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், (வங்கி, கிளை)

பொருள்: வாகனக் கடன் தவணைகளை மூன்று மாதம் ஒத்திவைக்க வேண்டுதல்
பார்வை: கடன் கணக்கு எண் (          )

ஐயா/அம்மையீர்,

மேற்கண்ட கடனுக்கு ஜூன் 5 வரையிலான தவணைகளைத் தவறாமல் செலுத்தியுள்ளேன். விபத்தில் கால் எலும்பு முறிந்ததால் செப்டம்பர் இறுதி வரை வாகனம் ஓட்ட இயலாது என மருத்துவர் சான்றளித்துள்ளார். வாகன ஓட்டமே என் ஒரே வருமானம்.

ஆகவே ஜூலை 5, ஆகஸ்ட் 5, செப்டம்பர் 5 ஆகிய மூன்று தவணைகளை ஒத்திவைத்து, அக்டோபர் 5 முதல் மீண்டும் செலுத்த அனுமதிக்குமாறு வேண்டுகிறேன். இக்காலத்து வட்டியை அசலுடன் சேர்த்து, மாதத் தவணையை மாற்றாமல், கடன் காலத்தை நீட்டித்துத் தரவும். இம்மூன்று மாதங்களுக்குத் தானியங்கிப் பற்று எடுப்பதையும் நிறுத்திவைக்கவும்.

தங்கள் முடிவையும் திருத்திய தவணை அட்டவணையையும் எழுத்து மூலம் தெரிவிக்கவும். சிபில் அறிக்கையில் என் கணக்கு எவ்வாறு பதிவாகும் என்பதையும் குறிப்பிட வேண்டுகிறேன்.

இணைப்பு: மருத்துவச் சான்று, மருத்துவமனை டிஸ்சார்ஜ் சுருக்கம், ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை.

இப்படிக்கு,
(கையொப்பம்)
இடம், நாள்

சிபில் வரியைச் சும்மா போடவில்லை. பணக் கஷ்டத்தில் இருப்பவருக்குத் தவணையைத் தள்ளிக் கொடுப்பதை வங்கி கடன் மறுசீரமைப்பாகக் கணக்கில் எடுக்கலாம், அப்படி எடுத்தால் அது அறிக்கையில் தெரியும், அடுத்த கடன் கேட்கும்போது இடிக்கும். சம்மதம் சொல்வதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்ளவேண்டும்.

தட்டச்சு செய்கிறவர்கள் யூனிகோடில் அடித்து பிடிஎஃப் ஆக்கி மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்த வேர்டு கோப்பு அந்தப் பக்கம் வெறும் கிறுக்கலாகத் தெரியும். கையால் எழுதினாலும் குறையில்லை. முடிவு பெரும்பாலும் மண்டல அலுவலகத்தில் எடுக்கப்படும், அங்கே பார்க்கிறவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், அதனால் தேதிகளும் தொகைகளும் உள்ள பத்தியை மட்டும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் இணைத்துவிடுங்கள். மாதிரியின் ஆங்கிலம் அங்கே உதவும். கடிதம் இரண்டு பிரதி, ஒன்றில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்காமல் கிளம்பாதீர்கள்.

கடிதம் கொடுத்தாயிற்று என்று கணக்கைக் காலியாக வைக்கக் கூடாது. எழுத்தில் அனுமதி வரும்வரை 5ஆம் தேதி பற்று வந்தே தீரும். பணம் இல்லாமல் திரும்பினால் கடன் கொடுத்த இடத்திலும் சேமிப்புக் கணக்கு உள்ள வங்கியிலும் இரண்டு பக்கமும் அபராதம் விழும். அதனால் கடிதத்தைத் தவணைத் தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே தவணை தவறியவர்களும் கொடுக்கலாம், ஆனால் பாக்கி 90 நாளைத் தாண்டிவிட்டால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அதன்பிறகு பேச்சுவார்த்தையின் தன்மையே வேறு.

பின்சேர்க்கை: படித்த சிலர் கேட்டதற்காக இரண்டு விஷயம். கடனில் இணைக் கடன்தாரரோ ஜாமீன்தாரரோ இருந்தால் அவர்களும் கடிதத்தில் கையெழுத்துப் போடுவது நல்லது. கடன் காலம் நீள்வதால் அவர்கள் பொறுப்பும் நீள்கிறது, கிளையில் எப்படியும் கேட்பார்கள்.

இன்னொன்று, பதிலே வராவிட்டால் என்ன செய்வது. முதலில் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் cms.rbi.org.in தளத்தில் பதியலாம், கட்டணம் இல்லை. ஒத்திவைப்பு கொடுத்தே ஆகவேண்டும் என்று அவர் உத்தரவிடமாட்டார், அது வங்கியின் வணிக முடிவு. கடிதத்துக்குப் பதிலே சொல்லாமல் இருந்தது சேவைக் குறைபாடு, புகாரை அந்தக் கோணத்தில் எழுதி, முத்திரை போட்ட பிரதியை இணையுங்கள்.